மீட்டர் 230 காட்டுகிறது, மோட்டார் ஓடவில்லை: ஒரு கதையும் அதன்மேல் நடந்த சண்டையும்

திண்ணைவாசி | ஜூன் 8, காலை 7.15

நம் கதைகளில் வரும் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் மந்திரவாதிகள். வருவார், சுவரில் ஒரு தட்டு தட்டுவார், "இங்கேதான்" என்பார், விளக்கு எரியும். தொழில் பழக வந்த பையன் வாயைப் பிளந்து நிற்பான். உண்மையில் வேலை அப்படி நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எப்படித்தான் எழுதுவது? மீட்டரை வைத்தால் 230 காட்டுகிறது, மோட்டார் ஓடவில்லை. அப்படியானால் மோட்டார் பழுது. இதில் படிப்படியாகத் தேட என்ன இருக்கிறது, கதையாக எழுத என்ன இருக்கிறது?

கட்டிங்பிளேயர் | ஜூன் 8, இரவு 9.40

இருக்கிறது. நான் இந்தத் தொழிலில்தான் வயிறு வளர்க்கிறேன். நீங்கள் சொன்ன "230 இருக்கிறது, ஆகவே மோட்டார் பழுது" என்ற ஒரு வரியை நம்பிக் கழற்றப்பட்ட மோட்டார்கள் எத்தனையோ. கதையாகவே எழுதுகிறேன். தவணையாக வரும்.

ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் 30 மீட்டர் தள்ளிக் கொட்டகை. மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு லைன் போகிறது, வழியில் ஐந்து ஜங்ஷன் பாக்ஸ்கள். கொட்டகையில் ஒரு குண்டு பல்பும் அரை எச்.பி. மோட்டாரும். பல்பு நன்றாக எரிகிறது. மோட்டாரைப் போட்டால் 'உம்ம்' என்கிறது, சுழலவில்லை, பல்பும் மங்குகிறது. வீட்டுக்காரர் ஏற்கெனவே கண்டன்சரை மாற்றிப் பார்த்துவிட்டார்.

வயர்மேன் வருகிறார். கூடவே ஒரு பையன். கூச்சமென்றால் அப்படி ஒரு கூச்சம். கேள்வி கேட்டால் பதிலைத் தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வான். வயர்மேன் அவனிடம் மீட்டரைக் கொடுத்து, "கொட்டகை பிளக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்கிறார். போகிறான், வருகிறான்.

"எவ்வளவு தம்பி?"

"இருநூற்று முப்பது அண்ணே."

"மீட்டரில் 230 என்றா இருந்தது?"

நீண்ட மௌனம். "229... சில சமயம் 228."

"பிறகேன் 230 என்றாய்?"

பதில் இல்லை. 230 என்பதுதான் சரியான விடை என்று அவனுக்குத் தெரியும், அதனால் அதைச் சொன்னான். கூச்சக்காரப் பையன்களிடம் நான் பார்த்த பெரிய ஆபத்து இது. அவர்கள் மீட்டரைப் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அந்த எண் வந்துவிடும்.

வயர்மேன் திட்டவில்லை. காலி எம்.சி.பி. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார். "ஊசியை வைப்பதற்கு முன்னால் என்ன வரும் என்று இடப்பக்கம் எழுது. வைத்தபிறகு வந்ததை வலப்பக்கம் எழுது. என்னிடம் வாயால் சொல்லவேண்டாம், அட்டையைக் காட்டு, போதும்."

இந்தத் தவணை இவ்வளவுதான். நாளை வேலை இருக்கிறது.

பீப்சத்தம் | ஜூன் 9, காலை 6.50

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் சுற்றிவளைக்கிறீர்கள். மெயினை நிறுத்திவிட்டு, மீட்டரை பஸரில் வைத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சத்தம் வந்தால் கம்பி நன்றாக இருக்கிறது, வராவிட்டால் அறுந்திருக்கிறது. இதற்கு எதற்கு அட்டையும் பென்சிலும்?

மாடிவீடு | ஜூன் 9, காலை 8.05

எங்கள் வீட்டில் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது. அப்படியானால் இரண்டிலும் ஃபேஸ் வருகிறதா? இரண்டு மடங்கு கரண்ட் வந்து டிவி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கதையில் வரும் பழுது இதுவா?

கட்டிங்பிளேயர் | ஜூன் 9, இரவு 10.10

மாடிவீடு, உங்களுடையது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. நியூட்ரல் எங்கோ முழுவதுமாக விட்டுப்போயிருக்கும். ஃபேஸ், எரியாமல் நிற்கும் ஒரு பல்பு அல்லது விசிறி வழியாக நுழைந்து, அறுந்த நியூட்ரலின் மறுபாதியில் வந்து நிற்கிறது. அதனால் அங்கேயும் டெஸ்டர் எரிகிறது. அந்த லைனில் உள்ள சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிளக்கில் சொருகியிருப்பதையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டால் நான் சொன்னதுதான். இரண்டு துளைக்கும் ஒரே ஃபேஸ்தான் வருகிறது, இரண்டு மடங்கெல்லாம் இல்லை. பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். நியூட்ரல்தானே என்று கை வைக்காதீர்கள், அந்தக் கம்பி இப்போது ஃபேஸைப் போலவே அடிக்கும்.

பீப்சத்தம், நீங்கள் சொன்னதைக் கதையில் பையனே செய்கிறான். பாருங்கள்.

பையன் மெயினை நிறுத்தி, பஸரில் வைத்து, ஒரு நீளக் கம்பியின் உதவியோடு நியூட்ரலைப் பார்க்கிறான். அட்டையின் இடப்பக்கம் "சத்தம் வரும்" என்று எழுதுகிறான். வந்தது. ஃபேஸுக்கும் வந்தது. முகத்தில் ஒரு சின்ன வெற்றி. "கம்பி நன்றாக இருக்கிறது அண்ணே" என்று அட்டையிலேயே எழுதிக் காட்டுகிறான்.

வயர்மேன் கேட்கிறார்: "பஸர் எத்தனை ஓம் வரைக்கும் கத்தும்?"

தெரியாது. அவனுக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் தெரியாது. மீட்டருக்கு மீட்டர் மாறும். பத்து இருபது ஓம் இருந்தாலும் உற்சாகமாகக் கத்தும் மீட்டர்கள் உண்டு. பஸர் அனுப்பும் மின்னோட்டமோ ஒரு மில்லி ஆம்பியர் அளவு. மோட்டார் கிளம்பும்போது அதே கம்பியில் பத்து ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். ஒரு மில்லி ஆம்பியர் கடந்துபோன இடத்தில் பத்து ஆம்பியரும் கடக்கும் என்று பஸர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

அந்த 229-ம் அப்படித்தான். மீட்டரின் உள்தடை சாதாரணமாக 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நடுவில் ஆறு ஓம் தடை இருந்தாலும், அறுநூறு ஓம் இருந்தாலும் மீட்டரில் 229-தான் தெரியும். திண்ணைவாசி, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். லோடு இல்லாமல் பார்த்த 230, லைன் எதையும் சுமக்காதபோது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

பீப்சத்தம் | ஜூன் 9, இரவு 10.32

சரி, பஸரை விடுங்கள். அதே மீட்டரை ஓமில் வைத்தால் ஆறு ஓம் தெரியுமே.

ரிலே | ஜூன் 10, காலை 5.45

தெரியலாம், தெரியாமலும் போகலாம். நான் துணைமின் நிலையங்களில் டெஸ்டிங் பார்த்து ஓய்வு பெற்றவள். கெட்டுப்போன இணைப்பு ஒன்று குளிர்ந்திருக்கும்போது ஒரு தடை, சுட்டபின் வேறொரு தடை காட்டும். கம்பியை அசைத்தால் மூன்றாவதாக ஒன்று. ஓமில் பார்க்க இரண்டு முனையையும் கழற்றவேண்டும். கழற்றும்போது கம்பி அசையும், பழுது ஒளிந்துகொள்ளும். "கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது" என்று சொல்லி, அடுத்த மாதம் அதே இடத்துக்குத் திரும்பப் போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். லோடு ஓடும்போது வோல்ட்டைப் பார்ப்பதுதான் வழி.

ஆனால் கதாசிரியரிடம் ஒன்று கேட்கவேண்டும். கொட்டகையில் எர்த் இல்லையா? இருந்தால் நீளக் கம்பியே வேண்டாம். எர்த் கம்பியில் மின்னோட்டம் ஓடாது, ஆகவே அதில் வோல்ட் இழப்பும் கிடையாது. கொட்டகையில் லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால், நியூட்ரல் வழியெங்கும் இழந்தது அப்படியே மீட்டரில் வந்துவிடும். போர்டில் அதே அளவை எடுத்துக் கழித்துக்கொண்டால் போதும்.

கட்டிங்பிளேயர் | ஜூன் 10, இரவு 9.20

அம்மா சொல்வது அருமையான குறுக்குவழி. நானும் எர்த் நம்பகமாக இருக்கும் வீடுகளில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கிராமத்துக் கொட்டகை லைனில் எர்த் இருக்கிறது என்று பிளக்கின் மூன்றாவது துளையைப் பார்த்து நம்பினால் அவ்வளவுதான். துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. கம்பி இருந்தாலும் மறுமுனை போர்டுக்குள் சுருட்டிக் கிடக்கும். இந்தக் கதையில் எர்த் இல்லை என்றே வைக்கிறேன். அதையும் பையன்தான் கண்டுபிடிக்கிறான்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வரவேண்டும் என்று எழுதி, மீட்டரில் 40-க்கும் 70-க்கும் நடுவே அலைந்த எண்ணைப் பார்த்து விழிக்கிறான். எங்கும் சேராத கம்பியில் பக்கத்துக் கம்பியின் வோல்ட் இப்படி நிழலாகத் தெரியும்.

சரி, லோடு. மோட்டாரையே லோடாக வைத்து அளக்கக்கூடாது. சுழலாமல் நிற்கும் மோட்டார் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அளந்து முடிப்பதற்குள் காயில் வெந்துவிடும். வயர்மேன் வீட்டுக்கார அக்காவிடம் 1000 வாட் அயர்ன் பாக்ஸைக் கடன் வாங்குகிறார்.

"இதைக் கொட்டகையில் மாட்டினால் பிளக்கில் எவ்வளவு வரவேண்டும் தம்பி?"

பையன் அட்டையைப் பார்க்கிறான், வயர்மேன் முகத்தைப் பார்க்கிறான். முகத்தில் ஒன்றும் இல்லை. வயர்மேன் மட்டும் கணக்குக்கு வழி சொல்கிறார். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 12 மில்லி ஓம். போக 30, வர 30. மொத்தம் முக்கால் ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு ஆம்பியர் ஓடினால் மூன்று வோல்ட் போகும். பையன் 227 என்று எழுதுகிறான்.

மாட்டினார்கள். 204.

போர்டில் வயர்மேன் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார், அங்கே 230 அசையவில்லை. ஆக, போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் 26 வோல்ட் காணாமல் போகிறது. மூன்று போகவேண்டிய இடத்தில் 26.

இப்போது பல்பு ஏன் நன்றாக எரிந்தது என்பதும் தெரிந்துவிட்டது. 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதற்கு மூன்று வோல்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. கிளம்பும் மோட்டாருக்கோ அதே தடையில் பல பத்து வோல்ட் பறிபோகும்.

திண்ணைவாசி | ஜூன் 10, இரவு 9.48

இதுவரை மோட்டார்மேல் பழி போட்ட எல்லாரிடமும் நான் மன்னிப்புக் கேட்க முடியாது, பட்டியல் நீளம். மேலே எழுதுங்கள்.

மாடிவீடு | ஜூன் 11, காலை 7.30

எல்லா சுவிட்சையும் நிறுத்தினேன். டெஸ்டர் அணைந்துவிட்டது! ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: பக்கத்துத் தெருவில் ஒருநாள் சில வீடுகளில் பல்பு பளீரென்று எரிந்து டிவி எல்லாம் போனது. அதுவும் நியூட்ரலா?

ரிலே | ஜூன் 11, காலை 7.55

ஆமாம், ஆனால் அது மூன்று ஃபேஸ் பக்கம் பொது நியூட்ரல் விட்டுப்போவது. ஒரு வீட்டுக்கு வோல்ட் ஏறும், இன்னொன்றுக்கு இறங்கும். அப்போது மீட்டரைத் தேடாதீர்கள், மெயினை நிறுத்துங்கள். இந்த இழையில் அதை இழுத்தால் கதை முடியாது.

கட்டிங்பிளேயர் | ஜூன் 11, இரவு 9.05

தொடர்கிறேன். இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீளும்.

26 வோல்ட் எங்கே போகிறது? இரண்டு கம்பிகள், ஐந்து பாக்ஸ்கள். பையனின் கை தானாகவே முதல் பாக்ஸை நோக்கிப் போகிறது. முதலிலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டே போனால் என்றாவது கிடைக்கும் அல்லவா? வயர்மேன் தடுக்கிறார். "ஒவ்வொரு மூடியையும் திறந்தால் ஒவ்வொரு இணைப்பும் அசையும். குறைவாகத் திற. முதலில் எந்தக் கம்பி என்று கேள், பிறகு எந்தப் பாதி என்று கேள்."

எந்தக் கம்பி என்பதற்கு நீளக் கம்பி ஒன்று போதும். மெயினை நிறுத்திவிட்டு, அதன் ஒரு முனையைப் போர்டின் நியூட்ரலில் கட்டி, மறுமுனையைக் கொட்டகைக்கு இழுத்து, மீட்டரின் கறுப்பு ஊசியில் சேர்க்கிறார். சிவப்பு ஊசி கொட்டகை பிளக்கின் நியூட்ரலில். பிறகு மெயினைப் போட்டு, அயர்ன் பாக்ஸை ஓடவிடுகிறார். ஒரே கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே மீட்டர். பையனுக்கு இது புதிது. நியூட்ரலுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் என்ன இருக்கப்போகிறது? அட்டையில் 0 என்று எழுதுகிறான். பிறகு அடித்துவிட்டு 1.5 என்று எழுதுகிறான், கம்பியின் சொந்தத் தடையை நினைத்துக்கொண்டு. அந்த அடித்தலை வயர்மேன் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டர் 24.6 காட்டியது.

"ஃபேஸ் கம்பியில் எவ்வளவு போகிறது?"

பையன் நீளக் கம்பியை அவிழ்க்கப் போனான். வயர்மேன் அசையவில்லை. பையன் நின்றான், அட்டையைப் பார்த்தான், ஓரத்தில் கழித்தான். 26-ல் 24.6 போனால் 1.4. ஃபேஸில் ஊசியே வைக்கவேண்டியதில்லை. உயிருள்ள ஃபேஸில் 30 மீட்டர் கம்பியைக் கட்டி முற்றத்தில் இழுத்துப்போடுவதைவிடக் கழித்தல் பாதுகாப்பானது.

இப்போது பாதி. மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வயர்மேன் மூன்றாவது பாக்ஸை மட்டும் திறக்கிறார். 15 மீட்டரில் இருக்கிறது. கம்பியை இழுக்காமல், நியூட்ரல் இணைப்பின் டேப்பைக் கொஞ்சம் விலக்கி ஊசி நுழைய இடம் விடுகிறார். மீண்டும் மின்சாரம், மீண்டும் அயர்ன் பாக்ஸ். பையன் எழுதியது 0.7. வந்தது 0.7. பழுது இதற்கு அப்பால்.

நான்காவது பாக்ஸ், 20 மீட்டரில். உள்ளே வரும் நியூட்ரலில் 0.9. பையன் ஊசியை ஒரு விரற்கடை நகர்த்தி, இணைப்பைத் தாண்டி வெளியே போகும் கம்பியில் வைக்கிறான். எண் ஏறத் தொடங்கியது, 24-ஐத் தாண்டியது, சட்டென்று 0.0.

பையனுக்கு வியர்த்துவிட்டது. ஊசி நழுவவில்லை. அழுத்திப் பிடித்தான், 0.0. மீட்டரைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தான். வழக்கமாக இப்படி நேர்ந்தால் மீட்டரை மெல்லக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுவான். இந்த முறை அட்டை கையில் இருந்தது. 0.0 என்று வலப்பக்கம் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பி, "அயர்ன் பாக்ஸ் விளக்கு அணைந்திருக்கிறது அண்ணே" என்றான். கேட்கும்படியாகவே சொன்னான்.

பெட்டி சூடேறித் தெர்மோஸ்டாட் கட் ஆகியிருந்தது. லோடு நின்றது, மின்னோட்டம் நின்றது, இழப்பும் நின்றது. அரை நிமிடத்தில் 'டிக்' என்று மறுபடி விளக்கு எரிந்தது, மீட்டர் 24.1.

"இணைப்பின் இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்துப் பார்" என்றார் வயர்மேன். பையன் 23.2 என்று எழுதினான். வந்தது 23.2.

ரிலே | ஜூன் 12, காலை 5.50

தெர்மோஸ்டாட் நல்ல இடம். லோடு ஓடுகிறதா என்று பார்க்காமல் "இங்கே இழப்பு இல்லை" என்று முடிவெடுத்து அடுத்த பாக்ஸுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இரண்டு குறை. ஒன்று, 23.2 வோல்ட், ஏறக்குறைய 3.9 ஆம்பியர். அந்த ஒற்றை இணைப்பில் 90 வாட் சூடு பிறக்கிறது. நம் கையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளாஸ்டிக் பாக்ஸுக்குள் 90 வாட். உங்கள் வயர்மேன் அட்டை, பென்சில், மௌனம் என்று நிதானமாக அளந்துகொண்டிருக்கிறார்! லோடை ஓடவிடுவது சில நொடிகளுக்குத்தான் என்று எழுதுங்கள். இரண்டாவது, தொழில் பழக வந்த பையன் உயிருள்ள திறந்த பாக்ஸில் ஊசி வைக்கிறான். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் அட்டையை எழுதட்டும், ஊசியை வயர்மேன் பிடிக்கட்டும்.

கட்டிங்பிளேயர் | ஜூன் 12, இரவு 8.50

முதலாவதை ஏற்கிறேன். கதையில் ஒவ்வோர் அளவுக்கும் அயர்ன் பாக்ஸைப் போட்டு, எண் நின்றதும் நிறுத்துவதாக மாற்றிக்கொள்ளுங்கள். அது சூடேறி கட் ஆனது, அந்த ஒருமுறை பையன் ஊசியை நகர்த்தத் தயங்கி நேரம் எடுத்துக்கொண்டதால் என்று வைக்கலாம். அவன் குணத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை அம்மா. ஊசியைப் பிடிக்காத கை எப்போது பிடிக்கும்? வயர்மேன் ஓர் அடி தூரத்தில் நிற்கிறார். பையன் காலில் ரப்பர் செருப்பு, ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஃபேஸ் இணைப்பின் டேப் பிரிக்கப்படவில்லை. நான் அப்படித்தான் கற்றேன்.

ரிலே | ஜூன் 12, இரவு 9.02

அப்படிக் கற்று, இந்த இழையில் எழுத இல்லாமல் போனவர்களும் உண்டு. மற்றபடி கதை நன்று.

பீப்சத்தம் | ஜூன் 12, இரவு 9.30

நடுவில் நுழைகிறேன். இன்று எங்கள் வீட்டு மீட்டரை எடுத்து, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய தடைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். 33 ஓமுக்கும் கத்துகிறது. 47-க்கு வாயை மூடிக்கொண்டது. ஆகவே என் பட்டப்பெயரை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் முழுவதும் அறுந்த கம்பிக்கு பஸர்தான் ராஜா, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கட்டிங்பிளேயர் | ஜூன் 13, இரவு 9.15

விட்டுக்கொடுக்கவேண்டாம், அறுந்த கம்பிக்கு பஸர் போதும். கடைசித் தவணை.

மெயின் நிறுத்தம். ஃபியூஸ் கட்டை மறுபடி சட்டைப்பையில். பையன் உடனே இணைப்பைப் பிடிக்கப் போகிறான், வயர்மேன் மீட்டரை நீட்டுகிறார். முதலில் போர்டில், மின்சாரம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து 230 பார்க்கவேண்டும். பிறகு பாக்ஸில் வைத்து 0 பார்க்கவேண்டும். பிறகு மறுபடி போர்டில் 230. நடுவில் பாட்டரியோ ஊசி வயரோ போய்விட்டால் செத்த மீட்டரும் 0 காட்டும், அதை நம்பிக் கை வைக்கக்கூடாது. பையன் மூன்றையும் முன்கூட்டியே எழுதி, மூன்றையும் பார்த்துவிட்டு வருகிறான்.

டேப் பழுப்பாகி ஓடுபோல உடைந்தது. உள்ளே இரண்டு செம்புக் கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கியது இரண்டே சுற்று. முனை கறுத்து, ஓரத்தில் பச்சை. முறுக்கு தளர்ந்து, காற்றுப் புகுந்து, களிம்பு பிடித்து, சூடாகி, இன்னும் தளர்ந்து... வருடக்கணக்கில் இப்படி நடந்திருக்கும். மூடியின் உள்பக்கம் மஞ்சளாக உப்பியிருந்தது. கறுத்ததை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்வரை உரித்து, திருகு கனெக்டரில் இறுக்கினார்கள். பையன் இறுக்கினான், வயர்மேன் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுபடி அயர்ன் பாக்ஸ். இணைப்பின் இரு பக்கமும்: எழுதியது 0, வந்தது 0.0. கொட்டகை பிளக்: எழுதியது 227, வந்தது 227. மோட்டாரைப் போட்டதும் கிளம்பியது.

வீட்டுக்காரர், "என்ன பழுது?" என்று வயர்மேனிடம் கேட்டார். வயர்மேன் டேப்பைச் சுற்றிக்கொண்டே பையனைக் காட்டினார். பையன் வாயைத் திறக்கவில்லை. அட்டையை நீட்டினான். வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

பின்குறிப்பு: ரிலே அம்மாவுக்காக, இரண்டு நாள் கழித்து கொட்டகைக்கு எர்த் கம்பியும் இழுக்கப்பட்டது.

மாடிவீடு | ஜூன் 14, காலை 8.20

ஆள் வந்து பார்த்துவிட்டார். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் நியூட்ரல் திருகிலிருந்து கழன்றிருந்தது. கூச்சக்காரப் பையன் யாரும் கூட வரவில்லை.

திண்ணைவாசி | ஜூன் 15, மாலை 6.40

சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் மாலையில் கிரைண்டர் முனகும். அயர்ன் பாக்ஸை மாட்டினேன். லோடு இல்லாமல் 231, லோடுடன் 214. ஆஹா, நமக்கும் ஒரு கெட்ட இணைப்பு என்று மகிழ்ந்து ஜங்ஷன் பாக்ஸைத் திறக்க ஸ்டூல் போட்டுவிட்டேன். எதை முதலில் திறக்கட்டும்?

கட்டிங்பிளேயர் | ஜூன் 15, இரவு 8.55

ஸ்டூலிலிருந்து இறங்குங்கள். அயர்ன் பாக்ஸ் ஓடும்போது மெயின் போர்டில் எவ்வளவு என்று பார்த்தீர்களா? கதையில் வயர்மேன் அதைத்தான் முதலில் பார்த்தார்.

திண்ணைவாசி | ஜூன் 15, இரவு 9.25

216.

கட்டிங்பிளேயர் | ஜூன் 15, இரவு 9.31

அப்படியானால் 17-ல் 15 வோல்ட் உங்கள் போர்டுக்கு முன்னாலேயே போகிறது. வீட்டுக்குள் போவது 2, அது கம்பியின் நீளத்துக்குச் சரி. உங்கள் பாக்ஸ் எதையும் திறக்கவேண்டாம். மீட்டர் பெட்டி, வெளிக் கம்பம், அல்லது இரண்டுக்கும் நடுவே இருக்கும் சர்வீஸ் வயர். சீல் வைத்த பக்கம் நம்முடையதல்ல, மின்வாரியத்தில் புகார் எழுதுங்கள். எழுதும்போது "வோல்டேஜ் குறைவு" என்று மட்டும் எழுதினால் வந்து 231 பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். லோடு இல்லாமல் 231, 1000 வாட் லோடுடன் போர்டில் 216 என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வரும்போது அயர்ன் பாக்ஸைத் தயாராக வைத்திருங்கள். அதுவரை கிரைண்டரைப் போடாதீர்கள். சர்வீஸ் வயரிலும் அதே சூட்டுக் கதைதான் நடக்கும்.

ரிலே | ஜூன் 15, இரவு 9.40

பக்கத்து வீட்டுக்காரர் போர்டிலும் அதே நேரத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அயர்ன் பாக்ஸைப் போட்டதும் அவர்களுக்கும் இறங்கினால் கம்பத்துக்கு அப்பால், இறங்காவிட்டால் உங்கள் சர்வீஸ் வயர்.